சேர்ஜ் அரெஸ்டர் பூட்டியிருந்தும் பிரீஸர் எரிந்தது ஏன்?

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரமானால் நமது நாட்டில் இடியும் மின்னலும் வழமையாகிவிடும். இந்த இரண்டு பருவங்களிலும் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே விதமானவை. "பிரீஸர் போர்ட் போயிட்டு", "பில் போடும் கம்பியூட்டர் எழும்புதில்லை", "கெமரா பெட்டி செத்துப்போச்சு" என்பார்கள். மின்னிணைப்பு வேலையில் இருபது வருடங்களுக்கு மேல் இருப்பவன் என்பதால் இதெல்லாம் எனக்குப் புதினமல்ல. ஆனால் 2024 ஏப்ரலில் மாவனல்லையிலிருந்து வந்த ஓர் அழைப்பு கொஞ்சம் வித்தியாசமானது.

அழைத்தவர் மொத்தமாகவும் சில்லறையாகவும் பலசரக்கு வியாபாரம் செய்யும் ஒரு ஹாஜியார். கீழே கடை, மேல்மாடியில் காரியாலயம். கோழி, மீன், ஐஸ்கிரீம் என்று நான்கு பிரீஸர்கள். 2023 ஒக்டோபரில் ஒரு மின்னலுக்கு இரண்டு பிரீஸர்களின் கட்டுப்பாட்டு போர்டுகள் எரிந்தன. உடனே யாரோ சொன்னதைக் கேட்டு, டீ.பி. பெட்டிக்குப் பக்கத்தில் சேர்ஜ் அரெஸ்டர் ஒன்றைப் பூட்டுவித்திருக்கிறார். ஆறு மாதத்தில் மறுபடியும் அடி விழுந்தது. இந்த முறை மூன்று பிரீஸர் போர்டுகள், மாடியில் கெமரா பதிவுப் பெட்டி, பில் போடும் கணினி எல்லாம் போய்விட்டன. போதாக்குறைக்கு இரவு ட்ரிப் சுவிட்ச் விழுந்து, காலையில் கடை திறக்கும்போது நாலாவது பிரீஸரில் இருந்த கோழியும் உருகிப் பழுதாகியிருந்தது.

"நானா, நான் பூட்டின சாமான் டுப்ளிகேட்டா? இன்னும் பச்சை நிறம்தான் காட்டுது" என்று கேட்டார்.

போய்ப் பார்த்தேன். சாமான் டுப்ளிகேட் அல்ல, நல்ல சாமான்தான். பச்சை நிறம் காட்டியதும் உண்மைதான். பிழை அதைப் பூட்டிய விதத்தில் இருந்தது. அந்தப் பிழையை நான் பல கடைகளில் கண்டிருக்கிறேன். அதனால் இந்த ஒரு கடையின் கதையையே முழுமையாகச் சொல்கிறேன்.

அரெஸ்டர் செய்யும் வேலை

மின்னல் நேரே உங்கள் கடையில் விழ வேண்டும் என்பதில்லை. தெருவில் போகும் மின்கம்பியிலோ அதற்கு அருகிலோ விழுந்தாலே போதும். அந்தக் கம்பி வழியாக ஒரு பெரிய மின்னழுத்த அலை உள்ளே ஓடிவரும். அது நீடிப்பது ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்கு நேரம்தான். ஆனால் அதன் உயரம் பல ஆயிரம் வோல்ட் வரை போகும். 230 வோல்ட் மின்சாரத்தில் வேலை செய்யும் பிரீஸர், கணினி போன்ற சாதாரண உபகரணங்கள் இப்படியான கண நேர அழுத்தத்தை 2,500 வோல்ட் வரை தாங்க வேண்டும் என்பது சர்வதேச நியமம். நுட்பமான சில இலத்திரனியல் சாதனங்களுக்கு அந்த எல்லை 1,500 தான்.

அரெஸ்டர் என்பது சாதாரண நேரத்தில் பூட்டிய கதவு. 230 வோல்ட் இருக்கும்வரை அதற்குள்ளால் மின்சாரம் போகாது. அழுத்தம் அளவுக்கு மீறி உயர்ந்தவுடன் கதவு திறந்து, வந்த வெள்ளத்தை எர்த் பக்கம் திருப்பிவிடும். அலை போன பின் தானாகவே மூடிக்கொள்ளும்.

வெள்ளம் போகும்போது அரெஸ்டரின் இரு முனைகளுக்கும் இடையில் மிஞ்சி நிற்கும் அழுத்தம் எவ்வளவு என்பதை அதன் முகப்பில் Up என்று அச்சிட்டிருப்பார்கள். ஹாஜியார் கடையில் இருந்ததில் அது 1.5 கிலோவோல்ட், அதாவது 1,500 வோல்ட். பிரீஸர் 2,500 தாங்கும். அரெஸ்டர் 1,500 க்கு மேல் விடாது. கணக்கு சரியாகத்தான் தெரிகிறது. பிறகு எப்படி பிரீஸர் எரிந்தது?

கம்பியும் ஒரு கணக்குக் கேட்கும்

அந்த 1,500 வோல்ட் என்பது அரெஸ்டரின் முனையில் அளந்த கணக்கு. உங்கள் பிரீஸர் அரெஸ்டரின் முனையில் பூட்டப்பட்டிருப்பதில்லை. டீ.பி. பெட்டியின் பேஸ் கம்பிக்கும் அதன் எர்த் பாருக்கும் இடையில்தான் பிரீஸர் இருக்கிறது. ஆகவே டீ.பி. பெட்டியிலிருந்து அரெஸ்டருக்குப் போகும் கம்பியிலும், அரெஸ்டரிலிருந்து எர்த் பாருக்கு வரும் கம்பியிலும் எவ்வளவு அழுத்தம் உண்டாகிறதோ, அதையும் பிரீஸர்தான் தாங்க வேண்டும்.

"செப்புக் கம்பியில் என்ன அழுத்தம் உண்டாகப் போகிறது?" என்று அனுபவமுள்ள வயர்மன்மாரே கேட்பதுண்டு. வழமையான மின்சாரத்துக்கு அந்தக் கேள்வி நியாயமானது. 6 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியின் தடை, மீற்றருக்கு ஓர் ஓமின் ஆயிரத்தில் மூன்று பங்குதான். அதில் 10,000 அம்பியர் போனாலும் தடையால் உண்டாகும் அழுத்தம் 30 வோல்ட் மாத்திரமே.

ஆனால் மின்னல் அலையில் தடை முக்கியமல்ல. மின்னோட்டம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதுதான் முக்கியம். நிறைய மூட்டை ஏற்றிய லொறியை நினைத்துப் பாருங்கள். ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைத் தள்ளிவிட அதிக பலம் தேவையில்லை. நிற்கும் லொறியை ஒரு நொடியில் ஓட்டத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால் எஞ்சின் படாத பாடு படும். அது போலவே ஒவ்வொரு மீற்றர் கம்பிக்கும், மின்னோட்டம் திடீரென ஏறுவதை எதிர்க்கும் ஒரு குணம் உண்டு. இதைத் தூண்டல் திறன் என்பார்கள். மீற்றருக்கு அது சுமார் 1 மைக்ரோஹென்றி. செக்கனின் பத்து இலட்சத்தில் எட்டுப் பங்கு நேரத்துக்குள் 10,000 அம்பியராக ஏறும் அலை வந்தால், அந்த எதிர்ப்பினால் ஒவ்வொரு மீற்றரிலும் ஆயிரம் வோல்ட்டுக்குச் சற்று மேல் உண்டாகிறது. மனதில் வைத்துக்கொள்ள இலகுவாக, "ஒரு மீற்றர் கம்பிக்கு ஆயிரம் வோல்ட்" என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பியைத் தடிப்பாக்கினால் சரியாகுமா? ஆகாது. தடிப்பை இரட்டிப்பாக்கினால் தடை பாதியாகும். ஆனால் இந்தத் தூண்டல் குணம் மிகச் சிறிதளவே குறையும். நீளத்தைப் பாதியாக்கினால் மாத்திரமே அது பாதியாகும். தடித்த நீளக் கம்பியை விட மெல்லிய குட்டைக் கம்பி இங்கு மேலானது.

ஹாஜியார் கடையில் அளந்தபோது

இப்போது மாவனல்லைக் கடைக்குத் திரும்புவோம். டீ.பி. பெட்டிக்குள் இடமில்லை என்று அரெஸ்டரைத் தனியான பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, ஒரு முழத்துக்கும் கூடுதலான தூரத்தில் சுவரில் அடித்திருந்தார்கள். பேஸ் கம்பி ட்ரங்கிங் வழியாக மேலே ஏறி, வளைந்து, கீழே இறங்கி 1 மீற்றர் ஓடியிருந்தது. பார்வைக்கு மிக அழகான வேலை.

எர்த் கம்பிதான் பெரிய பிழை. அதை டீ.பி. பெட்டியின் எர்த் பாருக்குக் கொண்டுவரவே இல்லை. "மின்னல் நேராக நிலத்துக்குப் போகட்டும்" என்று நினைத்து, தனியாக ஒரு பச்சை மஞ்சள் கம்பியைச் சுவருக்கு வெளியே இறக்கி, எர்த் ரொட்டில் பூட்டியிருந்தார்கள். நீளம் 4 மீற்றர். டீ.பி. பெட்டியின் எர்த் பார் வேறொரு கம்பியால் அதே ரொட்டுக்குப் போயிருந்தது.

கணக்குப் பாருங்கள். பேஸ் கம்பி 1 மீற்றர், எர்த் கம்பி 4 மீற்றர், மொத்தம் 5 மீற்றர். மீற்றருக்கு ஆயிரமாக 5,000 வோல்ட். அரெஸ்டரின் சொந்த 1,500 ஐயும் கூட்டினால் 6,500 வோல்ட். எர்த் பார் போகும் கம்பியில் இந்த வெள்ளம் ஓடாததால் அதில் அழுத்தம் உண்டாகவில்லை. ஆகவே பிரீஸரின் உடம்பு ரொட்டின் நிலையிலேயே இருக்க, அதன் பேஸ் கம்பி 6,500 வோல்ட் உயரத்தில் நின்றது. 2,500 தாங்கும் போர்டு எரியாமல் என்ன செய்யும்? அரெஸ்டர் தன் வேலையைச் செய்தது. அதனால்தான் பச்சை மாறவில்லை. அதன் பயன் கம்பியிலேயே கரைந்துவிட்டது.

"அப்படியென்றால் எர்த் ரொட்டுக்கு நேராகப் போவது பிழையா?" என்று ஹாஜியார் கேட்டார். நல்ல கேள்வி. பெரும்பாலானவர்கள் பிழை விடும் இடமும் அதுதான்.

பிரீஸருக்கு ரொட் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது பெரிய விடயமல்ல. அதன் பேஸ் கம்பிக்கும் அதன் உடம்புக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்பதே விடயம். ஆற்றில் வெள்ளம் ஏறும்போது ஓடமும் அதிலுள்ள சாமான்களும் ஒன்றாக உயர்ந்தால் ஒன்றும் உடைவதில்லை. அரெஸ்டரின் எர்த் முனையை டீ.பி. பெட்டியின் எர்த் பாரிலேயே குட்டையாகப் பூட்டிவிட்டு, அந்தப் பாரிலிருந்து ஒரே கம்பி ரொட்டுக்குப் போனால், அந்த 4 மீற்றரில் உண்டாகும் அழுத்தம் எர்த் பாரையும் பேஸ் கம்பியையும் ஒருசேர உயர்த்தும். பிரீஸரின் பேஸும் உடம்பும் சேர்ந்தே ஏறுவதால் அதற்கு அது தெரியவே தெரியாது.

நாங்கள் செய்தது இதுதான். டீ.பி. பெட்டியைக் கொஞ்சம் பெரிதாக மாற்றி, அரெஸ்டரை அதற்குள்ளேயே மெயின் சுவிட்சுக்கு அருகில் கொண்டுவந்தோம். பேஸ் பக்கம் 20 சென்ரிமீற்றர், எர்த் பாருக்கு 25 சென்ரிமீற்றர். மொத்தம் 45. கம்பியின் பங்கு 450 வோல்ட், அரெஸ்டரின் 1,500 உடன் சேர்த்து 1,950. இப்போது 2,500 க்குக் கீழே நிற்கிறது. சர்வதேச நியமமும் இந்த இரு பக்கக் கம்பிகளின் மொத்த நீளம் அரை மீற்றரைத் தாண்டக்கூடாது என்றே சொல்கிறது. அரெஸ்டருக்கு முன்னால் தனி பியூஸோ பிரேக்கரோ போட்டால், அதற்குப் போய்வரும் கம்பியும் இந்த அரை மீற்றருக்குள் அடங்க வேண்டும்.

இடமே இல்லாத பெட்டிகளில் இன்னொரு வழி உண்டு. மெயின் சுவிட்சிலிருந்து வரும் கம்பியை முதலில் அரெஸ்டரின் முனைக்குக் கொண்டுவந்து, அதே முனையிலிருந்து அடுத்த கம்பியைப் பிரேக்கர்களுக்கு எடுத்துச் செல்வது. ஆங்கில எழுத்து வீ போல அது தெரியும். தனிக் கிளைக் கம்பியே இல்லாததால் அந்தப் பக்கத்தின் ஆயிரம் வோல்ட் கணக்கும் இல்லாமற் போகும். ஆனால் கடையின் முழு மின்னோட்டமும் அந்த முனையைக் கடந்து போகிறது. இரண்டு கம்பிகளை ஏற்கவும், அவ்வளவு அம்பியரைத் தாங்கவும் அந்த முனை தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும். சாமானோடு வரும் தாளில் அதைப் பார்த்த பின்னரே செய்ய வேண்டும்.

ட்ரிப் சுவிட்ச் ஏன் விழுந்தது?

கோழி உருகிப் போனதற்குக் காரணம் வேறு. அரெஸ்டருக்கான இணைப்பை ட்ரிப் சுவிட்சுக்குப் பின்னால் எடுத்திருந்தார்கள். ட்ரிப் சுவிட்சின் வேலையே, உள்ளே போன மின்சாரம் திரும்பி வராமல் எர்த்துக்குப் போனால் விழுவதுதான். அரெஸ்டரோ மின்னல் நேரத்தில் வெள்ளத்தை வேண்டுமென்றே எர்த்துக்கு அனுப்புகிறது. இரண்டும் தத்தமது வேலையைச் சரியாகச் செய்தன. கடை பூட்டிய பின் சுவிட்ச் விழுந்ததால் அதை ஏற்றிவிட ஆளில்லை.

அப்படியானால் ட்ரிப் சுவிட்சுக்கு முன்னால் கொண்டுபோனால் சரிதானே? அங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. நமது நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்கும் கடைகளுக்கும் எர்த் என்பது நாமே நிலத்தில் அடித்த ரொட்தான். அதன் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பேஸ் கம்பிக்கும் எர்த்துக்கும் நேரே பூட்டிய அரெஸ்டர் ஒருநாள் பழுதாகி உள்ளே ஒட்டிக்கொண்டால், 230 ஐ 50 ஆல் பிரிக்க, ஐந்து அம்பியர் கூட ஓடாது. எந்தப் பியூஸும் அதற்கு எரியாது. முன்னால் இருப்பதால் ட்ரிப் சுவிட்சுக்கும் அது தெரியாது. ஆனால் கடையிலுள்ள ஒவ்வொரு பிரீஸரின் தகர உடம்பிலும் மின்சாரம் ஏறி நிற்கும். உயிராபத்தான நிலை அது.

இதற்காகவே வேறு அமைப்பிலான அரெஸ்டர் இருக்கிறது. மூன்று பேஸ் கம்பிகளுக்கும் உரிய மூன்று கட்டைகள் எர்த்துக்குப் போகாமல் நியூட்ரலுக்குப் போகும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில், காற்று இடைவெளி முறையில் வேலை செய்யும் நாலாவது கட்டை ஒன்று இருக்கும். சாமானில் 3+1 என்று எழுதியிருப்பார்கள். ஒற்றை பேஸ் இணைப்புக்கு 1+1. பேஸ் பக்கக் கட்டை பழுதாகி ஒட்டிக்கொண்டால் மின்னோட்டம் நியூட்ரல் வழியே தாராளமாக ஓடி பியூஸை எரித்துவிடும். எர்த்தில் மின்சாரம் ஏறாது. ட்ரிப் சுவிட்சுக்கு முன்னால் பூட்டுவதானால் நமது எர்த் முறைக்கு இந்த வகைதான் வேண்டும். ஹாஜியாரிடம் இருந்தது நான்கு கட்டைகளும் எர்த்துக்குப் போகும் வகை. அதை மாற்றி 3+1 வாங்கி முன்னால் பூட்டினோம். நியூட்ரல் பக்கக் கம்பியும் குட்டையாகவே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

டைப் 1, டைப் 2, டைப் 3

கடைக்குப் போய் அரெஸ்டர் கேட்டால் "எத்தனை கிலோ அம்பியர்?" என்றுதான் விற்பவர் கேட்பார். அதற்கு முன் எந்த டைப் என்று கேட்க வேண்டும். முகப்பில் T1, T2, T3 என்று இருக்கும்.

டைப் 1 நேரடி மின்னலின் பங்கைத் தாங்கக்கூடியது. கட்டடத்தின் மேல் இடிதாங்கி இருந்தால் மெயின் பெட்டியில் இது கட்டாயம் தேவை. ஏனெனில் இடிதாங்கியில் விழும் மின்னலின் ஒரு பங்கு எர்த் வழியாக உங்கள் மின்கம்பிகளுக்குள்ளும் வரும். "நான் இடிதாங்கி போட்டிருக்கிறேன், அரெஸ்டர் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், இடிதாங்கி போட்டதால்தான் டைப் 1 அரெஸ்டர் வேண்டும் என்பதே. இடிதாங்கி கட்டடத்தைக் காக்கிறது. உள்ளேயிருக்கும் சாமானைக் காப்பதில்லை.

டைப் 2 தூரத்தில் விழுந்த மின்னலின் அலைகளுக்கும், பெரிய மோட்டார்கள் அணைந்தெரியும்போது வரும் சிறு அலைகளுக்கும் உரியது. இடிதாங்கி இல்லாத சாதாரணக் கடையின் டீ.பி. பெட்டிக்கு வழமையாகப் போடுவது இதுதான். டைப் 3 உபகரணத்துக்கு அருகில், பிளக் அளவில் வைக்கும் சிறிய காவல்.

டைப் 1 க்கும் டைப் 2 க்கும் உள்ள வித்தியாசம் உயரத்தில் இல்லை, நேரத்தில்தான் இருக்கிறது. டைப் 2 ஐ சோதிக்கும் அலை 8/20 என்று எழுதப்பட்டிருக்கும். செக்கனின் பத்து இலட்சத்தில் 8 பங்கில் உச்சிக்கு ஏறி, 20 பங்கில் பாதியாக இறங்கும் அலை அது. டைப் 1 ஐ சோதிக்கும் அலை 10/350. பாதியாக இறங்க 350 பங்கு எடுக்கும். ஒரே உயரமான இரண்டு அலைகளில், இரண்டாவது கொண்டுவரும் மின்னேற்றம் முதலாவதைப் போல் சுமார் இருபது மடங்கு. ஆகவே ஒரு டைப் 2 சாமானில் 40 கிலோ அம்பியர் என்றும், ஒரு டைப் 1 சாமானில் 12.5 கிலோ அம்பியர் என்றும் எழுதியிருந்தால், முதலாவதுதான் பலமானது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் வெவ்வேறு தராசில் நிறுத்த எடைகள்.

மாடியில் இருந்த கணினி

இனி மாடிக் காரியாலயத்தின் கதை. அங்கே கணினிக்கு ஹாஜியார் சேர்ஜ் பாதுகாப்புள்ள நீட்டு பிளக் போர்ட் ஒன்றைப் போட்டிருந்தார். அதுவும் ஒரு டைப் 3 தான். அதுவே கருகிப்போயிருந்தது.

ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைக்கும் அரெஸ்டர்களுக்கு இடையில் வேலைப் பங்கீடு இருக்க வேண்டும். பெரியது முன்னால் நின்று வெள்ளத்தின் பெரும் பகுதியை எடுத்துக்கொள்ள, மிஞ்சியதைச் சிறியது பார்த்துக்கொள்ள வேண்டும். சிறியது குறைந்த அழுத்தத்திலேயே திறந்துவிடும் இயல்புடையது. முன்னால் இருப்பது இல்லாவிட்டாலோ, நீளக் கம்பியால் பயனற்றுப் போனாலோ, முழு வெள்ளமும் சிறியதன் தலையில் விழும். நீட்டு பிளக் போர்ட் கருகியது அதனால்தான். பிளக் அளவிலான காவலை மட்டும் வாங்கிப் போட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதே நேரம் டீ.பி. பெட்டியிலுள்ள டைப் 2 மாத்திரம் மாடிக்குப் போதுமா? போதாது. கம்பி வழியே போகும் அலை கம்பியின் கடைசியில் முட்டித் திரும்பும்போது, சுவரில் மோதிய கடலலை போல் உயர்கிறது. சில வேளை இரண்டு மடங்கு வரை போகும். அரெஸ்டரிலிருந்து கம்பி நீளம் 10 மீற்றரைத் தாண்டினால், உபகரணத்தின் அருகில் இன்னொரு காவல் வேண்டும் என்பது அதனால்தான். மாடிக் கணினிக்கான கம்பி 25 மீற்றர் ஓடியிருந்தது. டீ.பி. பெட்டியில் நாங்கள் 1,950 க்குக் குறைத்தாலும் அங்கே அது 3,900 ஆகலாம். ஆகவே மாடியில் மீண்டும் ஒரு டைப் 3 வைத்தோம். இந்த முறை அதற்கு முன்னால் ஒழுங்கான டைப் 2 இருக்கிறது.

டைப் 1 உம் டைப் 2 உம் சேர்ந்து வரும் பெரிய கட்டடங்களிலும் இதே பங்கீட்டுப் பிரச்சினை உண்டு. டைப் 1 திறக்கு முன் டைப் 2 திறந்து முழுவதையும் எடுத்துக்கொள்ளக்கூடாது. முன்பெல்லாம் இரண்டுக்கும் இடையில் 10 மீற்றருக்கு மேல் கம்பி விட வேண்டும், அல்லது ஒரு சுருள் போட வேண்டும் என்பார்கள். அங்கே கம்பியின் எதிர்ப்புக் குணமே உதவியாக வந்தது. இப்போது இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்யும் T1+T2 சாமான்கள் கிடைக்கின்றன. தனித்தனியாக வாங்குவதானால் ஒரே தயாரிப்பாளரின், ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்று அவர்களே எழுத்தில் சொன்ன சோடியை வாங்குங்கள். ஒன்றை இங்கும் மற்றதை அங்கும் மலிவு பார்த்து வாங்கினால் அந்தப் பங்கீட்டுக்கு யாரும் பொறுப்பில்லை.

கெமரா பெட்டி எரிந்ததற்கு மின்சாரக் கம்பி மட்டும் காரணமல்ல. கடைக்கு வெளியே கம்பத்தில் பூட்டிய கெமராவிலிருந்து செப்புக் கம்பி ஒன்று நேரே அதற்குள் வந்திருந்தது. மேலே சொன்ன ஓட உதாரணத்தில், வெள்ளத்தில் ஓடம் ஏறும்போது கரையிலுள்ள மரத்தில் கட்டிய கயிறு அது. வெளியிலிருந்து வரும் கெமரா, தொலைபேசிச் செப்புக் கம்பிகளுக்கும் அதற்கென்ற தனி அரெஸ்டர் வேண்டும். அதன் எர்த்தும் கடையின் அதே எர்த்தோடு சேர வேண்டும். தனி ரொட் அடிக்கக்கூடாது.

இதனால் முடியாதவை

அரெஸ்டர் கண நேர அலைக்கு மட்டுமே. தெருவில் நியூட்ரல் கம்பி கழன்று, 230 வர வேண்டிய இடத்தில் 400 க்கு அண்மித்த வோல்ட் நிமிடக்கணக்கில் வந்தால் அது காப்பாற்றாது. அதுவே சூடேறிச் செத்துப்போகலாம். அழுத்தம் குறைந்து பிரீஸர் மோட்டார் எரிவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவற்றுக்கு, அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் இணைப்பைத் துண்டிக்கும் வேறு சாதனம் இருக்கிறது.

அரெஸ்டர் ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் தேய்கிறது. பச்சை சிவப்பானால் கட்டையை மாற்ற வேண்டும். மின்னல் பருவம் தொடங்கு முன்னும் முடிந்த பின்னும் ஒருமுறை பார்த்தால் போதும். ஆனால் பச்சை சொல்வது கட்டை உயிரோடிருக்கிறது என்பதை மட்டுமே. கம்பி குட்டையா நீளமா என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே உங்கள் கடையில் அரெஸ்டர் ஏற்கனவே இருந்தால், அடுத்த முறை மின்னிணைப்பாளர் வரும்போது மெயினை அணைத்துப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். நீங்களாகத் திறக்க வேண்டாம். ஓர் அளவு நாடாவைக் கையில் கொடுத்து, பேஸ் பக்கக் கம்பியையும் எர்த் பாருக்குப் போகும் கம்பியையும் அளந்து கூட்டச் சொல்லுங்கள். அரை மீற்றருக்கு மேல் வந்தாலோ, எர்த் கம்பி பாருக்குப் போகாமல் தனியாக வெளியே போனாலோ, மிச்சக் கம்பியைச் சுருட்டி உள்ளே வைத்திருந்தாலோ, அதை அன்றே திருத்தச் சொல்லுங்கள். பெரும்பாலும் புதிய சாமான் ஒன்றும் வாங்கத் தேவைப்படாது. புதிதாக வாங்குபவர்கள், டைப் என்ன, Up எவ்வளவு, 3+1 வகையா என்ற மூன்றையும் பில் போடு முன் முகப்பில் வாசித்துப் பாருங்கள்.

2024 ஒக்டோபர், நவம்பர் மழையிலும், 2025 ஏப்ரலிலும் மாவனல்லைப் பக்கம் மின்னலுக்குக் குறைவில்லை. ஹாஜியாரின் அரெஸ்டரில் ஒரு கட்டை சிவப்பாகி மாற்ற வேண்டி வந்தது. பிரீஸர்கள் நான்கும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.